தோழன் பாடிய பாயிரம்



ஆண்டு மலரின் அட்டையைத் திருப்பியதும் முதற்பக்கத்தில் ஒரு கவிதை நம்மை வரவேற்கும். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று சொல்லி, எழுதியவர்க்கும் உதவியவர்க்கும் நன்றி கூறுவது அதன் வேலை. ஆனால் உண்மையைச் சொன்னால், நம்மில் பலர் படிக்காமல் தாண்டிப் போகும் பக்கமும் அதுவே. தன் பெயர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று தேடும் அவசரத்தில் முதற்பக்கம் யாருக்கு வேண்டும்? குறை நம்முடைய அவசரத்தில் மட்டும் இல்லை. கவிதையிலும் இருக்கிறது. அது ஏன், எப்படி எழுதினால் அது படிக்கப்படும் என்பதையே இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதற்பக்கக் கவிதை நமக்குப் புதிதன்று. அதற்குத் தமிழில் பாயிரம் என்று பெயர். முகவுரை, நூன்முகம், புனைந்துரை, அணிந்துரை என்று வேறு பெயர்களும் உண்டு. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தின் வாயிலிலேயே ஒரு பாயிரம் நிற்கிறது. அதைப் பாடியவர் பனம்பாரனார். அவர் யார் தெரியுமா? தொல்காப்பியருடைய ஆசிரியர் அல்லர், அரசரும் அல்லர். தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் சேர்ந்து படித்த மாணவர் என்று பழைய உரையாசிரியர்கள் கூறுகிறார்கள். ஆகவே, ஒரு மாணவரின் எழுத்தை அவருடைய பள்ளித்தோழர் உலகுக்கு அறிமுகம் செய்த கவிதை அது. நம் மலரின் முதற்பக்கமும் அதே வேலையைத்தானே செய்கிறது?

அந்தப் பாயிரம் 15 அடிதான். அதில் பனம்பாரனார் செய்திருப்பதைக் கவனியுங்கள். வடக்கே வேங்கட மலைக்கும் தெற்கே குமரிக்கும் இடையில் தமிழ் வழங்கும் நிலத்தை முதலில் காட்டுகிறார். அந்த நிலத்து மக்களின் பேச்சையும் செய்யுளையும் நூலாசிரியர் ஆராய்ந்தார் என்கிறார். எழுத்து, சொல், பொருள் என்ற மூன்றையும் நாடினார், முன்னோர் நூல்களைப் பார்த்தார், முறைப்பட எண்ணினார், தொகுத்தார் என்கிறார். பிறகு நூல் அரங்கேறிய இடத்தைச் சொல்கிறார். அது நிலந்தரு திருவிற் பாண்டியன் அவை. நூலைக் கேட்டு ஆராய்ந்தவரையும் விடவில்லை. அதங்கோட்டாசான் என்று பெயரைச் சொல்கிறார். நூலாசிரியர் பெயர் கடைசி அடிக்கு முந்திய அடியில்தான் வருகிறது. பாடியவருடைய பெயரோ எங்குமே வரவில்லை.

இதில் புகழ்ச்சி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நூலுக்குக் குற்றமற்றது என்று ஒரு சொல், கேட்டவர்க்கும் நூலாசிரியர்க்கும் முடிவில் சில சொற்கள், அவ்வளவுதான். மற்றவை யாவும் செயல்கள். 'நாடினான், கண்டான், எண்ணினான், தொகுத்தான்' என்று வேலையை வேலையாகச் சொல்லிவிட்டால் புகழ் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'என் தோழன் பேரறிஞன்' என்று நூறு முறை சொன்னாலும் அந்த மதிப்பு வந்திருக்காது.

இந்த அதங்கோட்டாசானைப் பற்றி நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர் மேல் சினம் கொண்டிருந்த அகத்தியர், 'அவன் நூலைக் கேளாதே' என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிட்டாராம். தொல்காப்பியரோ கேட்கும்படி வேண்டுகிறார். இரண்டு பக்கமும் தட்ட முடியாத அவர், கேட்பது போல் கேட்டுக் குறைமேல் குறை சொல்லித் தடுத்துவிடலாம் என்று எண்ணினார். சொன்ன குறைக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறிவிட்டார். கதை எவ்வாறிருந்தாலும், குறை சொன்னவர்க்கும் பாயிரத்தில் இடம் உண்டு என்பது நமக்கு வேண்டிய செய்தி. உங்கள் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தந்த ஆசிரியையை நன்றிப் பட்டியலில் எங்கே வைப்பீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

பிற்காலத்தில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு விரிவாகவே இலக்கணம் வகுத்தார். சிறப்புப் பாயிரம் என்பது ஒரு குறிப்பிட்ட நூலுக்கு மட்டும் உரியது. அது சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எந்த நிலத்தில் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எதைக் கற்றபின் இதைக் கற்க வேண்டும், உள்ளே சொல்லியிருப்பது என்ன, யாருக்காகச் சொன்னது, அதனால் பயன் என்ன என்று எட்டு. எழுதிய காலம், அரங்கேறிய களம், எழுதியதற்குக் காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும்போது இது வெறும் பட்டியலாகத் தோன்றும். ஒரு மலரை மேசைமேல் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள், கவிதைக்கு வேண்டிய சரக்கு முழுவதும் கையில் வந்து சேரும்.

இன்னொன்றையும் நன்னூல் சொல்கிறது. எழுதியவரே தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடக் கூடாது. எத்தனை கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகாது. அவருடைய ஆசிரியர் பாடலாம், உடன் படித்தவர் பாடலாம், அவருடைய மாணவர் பாடலாம், தகுதியுள்ள உரைகாரர் பாடலாம். ஆகவே மலரில் கதை எழுதிய மாணவியையே முதற்பக்கக் கவிதையும் எழுதச் சொல்லாதீர்கள். கதையும் கட்டுரையும் தராத, ஆனால் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்ட ஒரு தோழியிடம் அந்த வேலையைக் கொடுங்கள். பனம்பாரனார் இடம் அவளுடையது.

இப்போது, வழக்கமாக நாம் எழுதும் முதற்பக்கத்தைப் பார்ப்போம். மாதிரிக்கு நானே நான்கு அடி கட்டியிருக்கிறேன்.

அன்புச் சுடரே அறிவின் விளக்கே
இன்ப வெள்ளம் ஈந்திடும் இதழே
கற்றவர் போற்றும் கவின்மிகு மலரே
பெற்றவர் மகிழப் பிறந்தனை வாழி!

எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, ஓசையும் குறைவில்லை. ஆனாலும் இதில் என்ன இல்லை? மேலே சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுதியவர் யார்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. உள்ளே என்ன? அதுவும் தெரியாது. இந்த நான்கு அடியை வெட்டியெடுத்து மதுரையில் ஒரு கல்லூரி மலரில் ஒட்டினாலும் பொருந்தும், சென்னையில் ஒரு வங்கியின் ஆண்டு இதழில் ஒட்டினாலும் பொருந்தும். எங்கும் ஒட்டுவது எதற்கும் உரியது அன்று. இதுவே சோதனை. எழுதி முடித்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளியின் மலரில் அதை வைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்படியே நின்றால் கவிதை இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

நன்றி கூறுவதில் வேறொரு சிக்கல் உண்டு. நாற்பது பேர் எழுதிய மலரில் ஐந்து பேர் பெயரைக் கவிதையில் சேர்த்தால், மீதி முப்பத்தைந்து பேர் வீட்டில் அன்று இரவு சோறு இறங்காது. பெயர் விடுபட்ட சிறுமிக்கு அது சிறிய விஷயம் அன்று. அடுத்த ஆண்டு அவள் எழுதித் தருவாளா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. நாற்பது பெயரையும் சேர்த்தாலோ அது கவிதையாக இராது, வருகைப் பதிவேடாகிவிடும்.

இதற்கு வழி என்ன? நம் சேலத்துப் பெயரோடு சேர்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கே உதவும். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காணச் சென்றார் அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். பிறகு சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். அதிலிருந்து தொடங்கிய உழைப்பு 1887இல் அச்சு நூலாக வெளிவந்தது. இதை நாம் இன்று எப்படி அறிவோம்? ஐயர் எழுதி வைத்ததால் அறிவோம். யார் ஏடு தந்தார், யார் ஒப்புநோக்க உதவினார் என்று தம் பதிப்புகளின் முகவுரையில் பெயரும் ஊரும் குறிப்பது அவர் வழக்கம். முதலியாரைச் சந்தித்த கதையைத் தம் 'என் சரித்திர'த்திலும் விரிவாக எழுதினார்.

அவர் பெயர்ப் பட்டியலுக்கு உரைநடையைப் பயன்படுத்தினார் என்பதைக் கவனியுங்கள். நாமும் அவ்வாறே பிரித்துக்கொள்ளலாம். பெயர்கள் எல்லாம் பொருளடக்கத்திலும் படைப்புகளின் கீழும் ஒன்று விடாமல் வரட்டும். கவிதையில் பெயர் வேண்டாம். செய்த வேலை வரட்டும். 'திருத்திய விழிக்கு நன்றி' என்றால் திருத்திய ஆசிரியையர் அனைவரும் அதில் அடங்குவர். எவரும் விடுபட மாட்டார்.

இனி எழுதிப் பார்ப்போம். ஒரு மலரில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடுகதை, பூலாம்பட்டியில் காவிரியைப் படகில் கடந்தவள் எழுதிய பயணக் கட்டுரை, தறிக்குப் பாவு நீட்டும் பாட்டியைப் பற்றிய சிறுகதை ஆகியவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு பாயிரம் இது.

சரபங் காநதி சார்ந்த ஊரில்
தறியொலி கேட்டுத் தமிழ்பயில் மகளிர்
ஆண்டின் இறுதியில் அளிக்கும் இவ்விதழ்
ஆறாம் வகுப்புச் சிறுமியின் விடுகதை
பூலாம் பட்டிப் படகில் போனவள்
கண்டதும் கேட்டதும் காட்டும் கட்டுரை
பாவு நீட்டிய பாட்டியின் கைகள்
பேத்தி எழுத்தில் பேசும் சிறுகதை
இவைபல தாங்கும்; எழுதிய கைக்கும்
பிழையைச் சிவப்பில் பிடித்த விழிக்கும்
அச்சில் பக்கம் அமைத்த விரற்கும்
விளம்பரம் ஈந்து விலைகுறைத் தவர்க்கும்
நன்றி கூறி நின்றோம்
இன்றே படிக்கத் திருப்புக பக்கமே.

முதல் அடியில் எல்லை, இரண்டாம் அடியில் எழுதியவர், மூன்றாம் அடியில் காலம். தறியொலி என்ற ஒரு சொல்லே எடப்பாடியைக் காட்டிவிடும். நெசவில்லாத ஊர்ப் பள்ளியில் இந்தக் கவிதையை ஒட்ட முடியாது. நான்கு முதல் எட்டு வரை உள்ளே சொல்லிய பொருள். மலரில் இருபது படைப்பு இருந்தாலும் மூன்றே சொல்லி, 'இவைபல' என்று நிறுத்தியிருக்கிறேன். மூன்றையும் வேறு வேறு வகையாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. சிறியவள் ஒருத்தி, ஊர் சுற்றியவள் ஒருத்தி, வீட்டைப் பார்த்தவள் ஒருத்தி என்று இருந்தால், மற்றவர்களும் தங்களை அந்த வரிசையில் எங்காவது காண்பார்கள்.

பன்னிரண்டாம் அடிக்கு முதலில் 'விளம்பரம் தந்த வள்ளல்' என்றுதான் சொல் வந்தது. கடைக்காரர் மகிழ்வார், ஐயமில்லை. ஆனால் அவர் செய்த வேலை என்ன? அவர் தந்த பணத்தால் மலரின் விலை குறைந்தது. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி போகிறது. 'விலைகுறைத்தவர்' என்றால் அந்தக் காரணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. நூலின் வழி, பயன் முதலியவற்றை நான் விட்டுவிட்டேன். பல கை சேர்ந்த மலருக்கு ஒற்றை வழி கிடையாது. பயனை நாமே முதற்பக்கத்தில் சொல்லிக்கொண்டால் அது சற்றுத் தற்பெருமையாகவும் தோன்றும்.

யாப்பைப் பற்றிச் சிறிது. இது நேரிசை ஆசிரியப்பா. ஒவ்வோர் அடியிலும் நான்கு சீர், கடைசிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று சீர், முடிவு ஏகாரத்தில். பெரும்பாலும் ஈரசைச் சீர்களே வர வேண்டும். ஏழாம் அடியைப் பிரித்துக் காட்டுகிறேன். பா/வு நேர் நேர், தேமா. நீட்/டிய நேர் நிரை, கூவிளம். பாட்/டியின் நேர் நிரை, கூவிளம். கை/கள் நேர் நேர், தேமா. மற்ற அடிகளை நீங்களே பிரித்துப் பாருங்கள். எந்தச் சீரிலும் மூன்றாவது அசை நுழைந்திருக்காது.

'ஊர்ப்பெயர் எங்கே?' என்று சிலர் கேட்கலாம். எடப்/பா/டி என்று பிரித்தால் நிரை நேர் நேர். அது புளிமாங்காய், மூவசைச் சீர். ஆசிரியப்பாவில் காய்ச்சீர் அருகி வரலாம் என்று இலக்கணம் இடம் தருகிறது. ஆனாலும் முதல் அடியிலேயே அது வந்தால் நடை சற்று இடறுகிறது. அதனால் ஊருக்குப் பதிலாக ஆற்றைக் கூப்பிட்டேன். வெண்பா எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே காய்ச்சீருக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் அங்கே தளை ஒன்று தவறினாலும் வெண்பா கெட்டுவிடும். புதிதாக எழுதுபவர்கள் ஆசிரியப்பாவில் தொடங்குவதே நல்லது.

எதுகைக்காகச் சொல்லை இழுத்து வருவது இன்னொரு குழி. 'நன்றி' என்று ஓர் அடி தொடங்கிவிட்டால் அடுத்த அடிக்கு ஒன்று, கன்று, குன்று, என்றும் என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். குன்று வந்தால் உடனே அதன்மேல் ஒரு விளக்கையும் ஏற்றிவிடத் தோன்றும். மலரில் குன்றும் இல்லை, விளக்கும் இல்லை. 'இன்றே' என்ற சொல்லை எடுத்தது, அது எதுகைக்குப் பொருந்துவதோடு 'பின்னர் படிக்கலாம்' என்று மூடி வைப்பவரை நிறுத்தவும் உதவும் என்பதால்தான். எதுகை கிடைக்காத இடங்களில் நான் அதை விட்டும் இருக்கிறேன். முதல் இரண்டு அடிகளைப் பாருங்கள், இடையின ரகரமும் வல்லின றகரமும் எதுகை ஆகமாட்டா. அவற்றை ஒன்றாக்குவதற்காகத் தறியொலியை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அவையடக்கம் வேண்டாமா என்று தமிழ் நன்கு பயின்ற பெற்றோர் கேட்கக்கூடும். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க வந்த பூனையைப் போல் தாம் இராமன் கதையைச் சொல்ல வந்ததாகக் கம்பர் பாடினார். அது கம்பர் தம்மைப் பற்றித் தாமே சொல்லியது. தோழி ஒருத்தி மற்றவர்களின் படைப்புகளை அறிமுகம் செய்யும்போது அவர்கள் சார்பில் 'எங்கள் எழுத்தில் குறைகள் மலிந்துள்ளன' என்று அறிவிப்பது முறையன்று. குறை இருந்தால் படிப்பவர் கண்டுகொள்வார்.

கடைசியாக, வேலை நடக்கும் வரிசை. முதலில் அச்சாகும் பக்கம் என்பதால் முதலில் எழுதிவிடாதீர்கள். அச்சகத்திலிருந்து கடைசித் திருத்தப்படி வந்து, எந்தெந்தப் படைப்பு உள்ளே நிற்கிறது என்று உறுதியான பிறகே பாயிரத்தை முடிக்க வேண்டும். பக்கம் போதவில்லை என்று படகுக் கட்டுரையை எடுத்துவிட்டால், ஐந்தாம் ஆறாம் அடிகள் இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவற்றையும் அன்றே மாற்றியாக வேண்டும். அச்சகத்தார்க்கு ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பதினாறு அடிக்குமேல் போனால் எழுத்து சிறுத்துவிடும். கவிதை எழுதும் தோழியிடம் பொருளடக்கத்தின் கடைசிப் படியைக் கொடுத்து, ஓர் இரவு நேரம் கொடுங்கள். மறுநாள் காலையில் அவள் கொண்டுவரும் தாளை, மலரில் எழுதிய மிகச் சிறிய மாணவி ஒருத்தி உரக்கப் படித்துப் பார்க்கட்டும். எந்த அடியில் அவள் நின்று 'இதற்கு என்ன அர்த்தம் அக்கா?' என்று கேட்கிறாளோ, அந்த அடியைத் திருத்துங்கள்.